இறப்பு விகிதத்திலிருந்து ஆயுள் எதிர்பார்ப்பு: ஓர் ஆயுள் அட்டவணையை வரி வரியாகப் போட்டுப் பார்ப்போம்

1992-ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டு ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 72.9 ஆண்டுகள். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க யாரும் அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகளைச் சாகும்வரை பின்தொடரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இன்று முப்பதுகளில் இருப்பார்கள். அப்படியானால் 72.9 எங்கிருந்து வந்தது? அந்த ஓர் ஆண்டில் எந்த வயதில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற இரண்டு பட்டியல்களிலிருந்துதான். இடையில் நடப்பதெல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். பள்ளிக் கணக்கு தெரிந்தவர் ஒரு மாலையில் போட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஓரிடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். ஆகவே அந்த இடத்தில் நிதானமாக நின்று, மற்றதை வேகமாகக் கடப்போம்.

முதலில் ஆயுள் அட்டவணை என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் பிறந்த 1,00,000 குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தது முதல் ஒரு வயது ஆகும்வரை அவர்கள் 1992-இன் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு விகிதத்தைச் சந்திக்கிறார்கள். இருபதுகளில் 1992-இன் இருபது வயதுக்காரர்களின் விகிதம், எண்பதில் 1992-இன் எண்பது வயதுக்காரர்களின் விகிதம். இப்படியே கடைசி ஆள் சாகும்வரை போனால், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்? எல்லோரும் சேர்ந்து மொத்தம் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருப்பார்கள்? அந்த மொத்தத்தை 1,00,000-ஆல் வகுத்தால் வருவதுதான் ஆயுள் எதிர்பார்ப்பு. அந்த ஒரு லட்சம் பேர் நிஜத்தில் எங்கும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓராண்டு ஓராண்டாகப் பிரிக்காமல் 0, 1-4, அப்புறம் 5-9, 10-14 என்று ஐந்தைந்து ஆண்டுகளாக 80-84 வரை போய், கடைசியில் ‘85-உம் அதற்கு மேலும்’ என்று ஒரு வரியில் முடிப்பது வழக்கம். மொத்தம் 19 வரிகள். சுருக்க அட்டவணை என்பது இதைத்தான்.

60-64 வரியை எடுத்துக்கொள்வோம். 1992-இல் ஆஸ்திரியாவில் இந்த வயதில் இருந்த ஆண்கள் 1,87,962 பேர். அந்த ஆண்டில் இந்த வயதில் இறந்தவர்கள் 3,496 பேர். வகுத்தால் 0.0186. அதாவது ஆயிரத்துக்கு 18.6. இதுதான் அந்த வயதுக்கான இறப்பு விகிதம்; இதை m என்று குறிப்போம்.

இப்போது அந்த வழுக்கும் இடம். நமக்கு வேண்டியது வேறொரு எண்: 60-ஆவது பிறந்தநாளைத் தொட்ட ஒருவர் 65-ஆவது பிறந்தநாளுக்கு முன் இறந்துபோகும் நிகழ்தகவு. இதை q என்பார்கள். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 18.6 என்றால், ஐந்து ஆண்டுக்கு 18.6 × 5 = 93, ஆகவே ஆயிரத்தில் 93 பேர் என்று உடனே சொல்லத் தோன்றும். அது தவறு. கொஞ்சம்தான் தவறு, ஆனால் வயது ஏற ஏற அந்தக் கொஞ்சம் பெருகிக்கொண்டே போகும்.

காரணம், இரண்டு எண்களுக்கும் கீழே இருக்கும் வகுஎண் வேறு. q-வின் கீழே இருப்பது தொடக்கத்தில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை. m-இன் கீழே இருப்பது அவர்கள் வாழ்ந்த காலம். ஓர் ஆள் ஓராண்டு வாழ்ந்தால் அது ஓர் ஆள்-ஆண்டு. ஆண்டின் நடுவில் எடுத்த மக்கள்தொகை 1,87,962 என்றால், அந்த வயதில் அந்த ஆண்டு முழுக்க வாழப்பட்ட ஆள்-ஆண்டுகளும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று கொள்கிறோம். ஆயிரம் பேர் 60-இல் புறப்பட்டால், அவர்கள் ஐந்து ஆண்டில் 5,000 ஆள்-ஆண்டுகள் வாழப்போவதில்லை. வழியில் சிலர் இறப்பார்கள். இறந்தவர் அதற்குப் பின் ஆள்-ஆண்டு எதையும் சேர்ப்பதில்லை, மறுபடி இறப்பதற்கும் இல்லை. 93 என்ற விடை எல்லோரும் ஐந்து ஆண்டும் இருந்தார்கள் என்று நினைத்துப் போட்ட கணக்கு.

சரியாகப் போட்டால் இப்படி. ஆயிரம் பேரில் d பேர் இந்த ஐந்தாண்டுக்குள் இறப்பதாக வைத்துக்கொள்வோம். தப்பியவர்கள் (1000 − d) பேர், தலைக்கு 5 ஆண்டு வாழ்ந்தார்கள். இறந்தவர்களில் சிலர் 60 முடிந்த உடனே, சிலர் 65-ஐத் தொடும் தறுவாயில் போயிருப்பார்கள். சராசரியாகப் பாதிக்காலம், 2.5 ஆண்டு என்று வைப்போம். மொத்த ஆள்-ஆண்டுகள்:

5 × (1000 − d) + 2.5 × d = 5000 − 2.5d

இறப்பு விகிதம் என்பது இறந்தவர்களை ஆள்-ஆண்டுகளால் வகுப்பது. ஆகவே d / (5000 − 2.5d) = 0.0186. இதைத் தீர்த்தால் d = 93 / 1.0465, அதாவது 88.9. ஆயிரத்தில் 93 அல்ல, 89 பேர். இதையே பொதுவாக எழுதினால், எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் சூத்திரம் வந்துவிடும்:

```
q = n*m / (1 + (n - a)*m)
```

n என்பது வயதுப் பிரிவின் அகலம், இங்கே 5. a என்பது அந்தப் பிரிவுக்குள் இறந்தவர்கள் பிரிவில் நுழைந்த பின் சராசரியாக வாழ்ந்த காலம், இங்கே 2.5. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, மேலே போட்ட ஆள்-ஆண்டுக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. அப்புறம் மறக்காது.

60 வயதில் 93-க்கும் 89-க்கும் நாலு பேர்தான் வித்தியாசம். 80-84 வரிக்குப் போங்கள். அங்கே m = 0.1123. சும்மா ஐந்தால் பெருக்கினால் ஆயிரத்தில் 562 பேர் இறப்பார்கள் என்று வரும். சூத்திரப்படி 438. நூறுக்கும் மேற்பட்டவர்களை அநியாயமாகக் கொன்றிருக்கிறோம். விகிதம் 0.2-க்கு மேல் போனால் ஐந்தால் பெருக்கும்போது 1-ஐத் தாண்டிவிடும். ஆயிரம் பேரில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்ததாக அட்டவணை சொல்லும். உங்கள் q நிரலில் 1-க்கு மேல் ஓர் எண்ணைப் பார்த்தால், பெரும்பாலும் m-ஐயும் q-வையும் குழப்பிக்கொண்டீர்கள் என்று பொருள்.

a பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்குப் பாதிக்காலம் என்று வைத்தால் பெரிய பிழை வராது. வயதாக ஆக இறப்புகள் பிரிவின் பிற்பாதியில் கொஞ்சம் கூடுதலாக விழும் என்பதால், ஆஸ்திரியக் கணக்கில் 60-64-க்கு a 2.624 என்று வருகிறது. அதைப் போட்டால் q 0.0889-லிருந்து 0.0891 ஆகிறது. அவ்வளவுதான். இனி நான் தரும் எண்கள் இந்தத் திருத்திய a-களைக் கொண்டு போட்டவை, நீங்கள் 2.5 வைத்துப் போட்டால் கடைசி இலக்கங்கள் சற்றே மாறும்.

ஆனால் முதல் வயதுக்கு இந்தப் பாதிக் கணக்கு செல்லாது. முதல் பிறந்தநாளுக்கு முன் இறக்கும் குழந்தைகள் ஆண்டு முழுக்கச் சமமாகப் பரவி இறப்பதில்லை. குறைப்பிரசவம், பிறவிக் கோளாறு, பிரசவச் சிக்கல் போன்றவற்றால் பலர் முதல் சில நாட்களிலேயே போய்விடுகிறார்கள். அதனால் 0 வயதை ஐந்தாண்டுப் பிரிவில் சேர்க்காமல் தனி வரியாக வைக்கிறார்கள். a-வுக்கும் தனிச் சூத்திரம் உண்டு. கோல், டெமனி என்ற மக்கள்தொகை ஆய்வாளர்கள் தந்த சூத்திரத்தில் ஆண் குழந்தைகளுக்கு a = 0.045 + 2.684 × m, m 0.107-க்குக் கீழே இருக்கும் நாடுகளுக்கு இது. ஆஸ்திரியாவில் m = 0.008743 என்பதால் a 0.068 ஆண்டு. நாளாக மாற்றினால் சுமார் 25 நாள். அரை ஆண்டு என்று வைத்திருந்தால் எவ்வளவு தள்ளிப் போயிருக்கும் பாருங்கள்.

சூத்திரம் இன்னொன்றையும் சொல்கிறது. குழந்தை இறப்பு அதிகமாக உள்ள இடத்தில் a-வும் பெரிதாக இருக்கும். வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்றவற்றால் ஆறாம் மாதம், எட்டாம் மாதம் என்று சாகும் குழந்தைகள் அங்கே அதிகம். மருத்துவ வசதி கூடும்போது இந்தச் சாவுகளைத்தான் முதலில் தடுக்க முடிகிறது. மிஞ்சுவது பிறந்த வாரத்துச் சாவுகள். ஆகவே சராசரி முன்னால் நகர்கிறது.

q கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் சரிவில் இறங்குகிற வண்டிதான். ஒரு லட்சத்தில் தொடங்குகிறோம். 0 வயதின் q 0.008672, ஆகவே 867 பேர் இறப்பு, ஒரு வயதைத் தொடுவோர் 99,133. அடுத்த நாலு ஆண்டில் 147 பேர் போக, ஐந்தைத் தொடுவோர் 98,986. இந்த மிச்சம் இருப்போர் நிரலுக்கு l என்று பெயர், இறந்தோர் நிரலுக்கு d. இப்படியே இறங்கி வந்தால் 20 வயதில் 98,334 பேர், 40-இல் 95,588, 60-இல் 83,845, 65-இல் 76,377, 75-இல் 53,803, 85-இல் 21,134.

நடுவே ஒரு இடத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம். 10-14 வயதில் 2,38,790 சிறுவர்களில் அந்த ஆண்டு இறந்தவர்கள் 46 பேர். அடுத்த பிரிவில், 15-19-இல், 2,54,996 பேரில் 249 பேர். விகிதம் ஐந்து மடங்காகிவிட்டது. 20-24-இல் இன்னும் கூடி, 25-29-இல் சற்றே குறைகிறது. இளைஞர் வயதில் தென்படும் இந்த மேடு பல நாட்டு ஆண்களின் அட்டவணையில் உண்டு. சாலை விபத்து போன்ற விபத்துச் சாவுகளே இதற்குப் பெரும் காரணம், அதனால் விபத்து மேடு என்றே சொல்வார்கள். உங்கள் கணக்கில் இந்த வயதில் விகிதம் ஏறி இறங்கினால் தரவு தவறு என்று பதற வேண்டாம்.

l நிரல் கிடைத்ததும் உயிர்பிழைப்பு நிகழ்தகவுகள் எல்லாம் ஒரே வகுத்தலில் வந்துவிடும். 20 வயது இளைஞர் 65-ஐத் தொடும் நிகழ்தகவு? 76,377 / 98,334 = 0.777. நூறில் 78 பேர். இங்கேயும் ஒரு பொறி உண்டு. இடைப்பட்ட ஒன்பது பிரிவுகளின் q-க்களைக் கூட்டி 1-இலிருந்து கழித்தால் போதாதா என்று கேட்பார்கள். கூட்டினால் 0.246 வரும், மிச்சம் 0.754. சரியான விடையைவிடக் குறைவு. 60-64-இன் q என்பது 60-ஐத் தொட்டவர்களுக்கான நிகழ்தகவு, 20 வயதுக்காரருக்கானது அல்ல. நாற்பதிலோ ஐம்பதிலோ இறந்தவர் அறுபதில் மறுபடி இறக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் தப்பிக்கும் நிகழ்தகவை, அதாவது (1 − q)-க்களை, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். l நிரல் அந்தப் பெருக்கலைத்தான் நமக்காகச் செய்து வைத்திருக்கிறது.

அடுத்தது ஆள்-ஆண்டு நிரல், L. 60-இல் நுழைந்தவர்கள் 83,845 பேர்; 65-ஐத் தொட்டவர்கள் 76,377 பேர். தொட்டவர்கள் தலைக்கு 5 ஆண்டு, வழியில் இறந்த 7,467 பேர் தலைக்கு 2.624 ஆண்டு. கூட்டினால் ஏறக்குறைய 4,01,480 ஆள்-ஆண்டுகள். எல்லா வரிக்கும் இதே கணக்கு, கடைசி வரியைத் தவிர.

கடைசி வரி ‘85-உம் அதற்கு மேலும்’. இதற்கு மேல் எல்லை இல்லை. இங்கே நுழைந்த 21,134 பேரும் இந்த வரிக்குள்ளேயே இறந்தாக வேண்டும், ஆகவே q = 1. எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்பதை எப்படி அறிவது? விகிதம் என்பது இறந்தோர் வகுத்தல் ஆள்-ஆண்டு. இறந்தோர் 21,134 என்று தெரியும், விகிதம் 0.190585 என்று தெரியும். ஆகவே ஆள்-ஆண்டு = 21,134 / 0.190585 = சுமார் 1,10,889. தலைக்கு 5.25 ஆண்டு. இந்த வரிக்கும் மற்ற வரிகளைப் போல n = 5, a = 2.5 என்று இழுத்துவிடுவது எக்செல்லில் அடிக்கடி நடக்கும் விபத்து. அப்படிச் செய்தால் 85-ஐத் தொட்ட எல்லோரும் 90-க்குள் போய்விட்டதாகக் கணக்கு ஆகும். சுமார் 58,000 ஆள்-ஆண்டு காணாமல் போகும். பிறப்பில் ஆயுள் எதிர்பார்ப்பு அரை ஆண்டுக்கு மேல் குறைந்துவிடும். 72.9-க்குப் பதில் 72.3 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் இது மோசமான பிழை.

எல்லா L-களையும் கீழிருந்து மேலாகக் கூட்டிக்கொண்டே வந்தால் T நிரல்: அந்த வயதிலிருந்து இனி வாழப்போகும் ஆள்-ஆண்டுகள் மொத்தம். 0 வயதில் T = 72,88,901. அதை 1,00,000-ஆல் வகுத்தால் 72.89. நாம் தொடங்கிய எண் வந்துவிட்டது. எந்த வயதுக்கும் இப்படியே T-ஐ l-ஆல் வகுத்தால் அந்த வயதின் எதிர்பார்ப்பு e.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ போடுவதானால் A-இல் வயது, B-இல் n, C-இல் m, D-இல் a வைத்துக்கொண்டு, E-இல் q, F-இல் l, G-இல் d, H-இல் L, I-இல் T, J-இல் e வரும்படி, F2-இல் 100000 என்று எழுதி, 19 வயதுப் பிரிவுகளையும் 2 முதல் 20 வரையான வரிகளில் இடுங்கள்:

```
E2:  =B2*C2/(1+(B2-D2)*C2)
G2:  =F2*E2
F3:  =F2-G2
H2:  =B2*F3+D2*G2
E20: =1
H20: =F20/C20
I20: =H20
I19: =I20+H19
J2:  =I2/F2
```

E, H நிரல்களை 19-ஆம் வரிவரை மட்டும் இழுக்க வேண்டும்; 20-ஆம் வரிக்குத் தனிச் சூத்திரம். I நிரல் கீழிருந்து மேலே போகும். முடிந்ததும் G நிரலைக் கூட்டிப் பாருங்கள்: சரியாக 1,00,000 வர வேண்டும், ஏனென்றால் பிறந்த எல்லோரும் இறந்தாக வேண்டும். J20-இல் வருவது 1/C20-க்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் பெரும்பாலும் கணக்கு சரி.

இப்போது 72.9 என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் பார்ப்போம். 72.9 வயதில்தான் பெரும்பாலோர் சாகிறார்கள் என்று அது சொல்லவில்லை. l நிரலைப் பாருங்கள்: 70-இல் 66,225 பேர், 75-இல் 53,803 பேர். இடையில் நேர்க்கோடு போட்டால், 72.9-ஆவது வயதில் நூறில் சுமார் 59 பேர் உயிரோடு இருக்கிறார்கள். பாதிப்பேர் போய்ச் சேரும் வயது 76-ஐ ஒட்டி வருகிறது. பச்சிளம் வயதிலும் இளமையிலும் இறந்தவர்கள் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள்.

இன்னொன்று, 65-ஐத் தொட்டவருக்கு இன்னும் 72.9 − 65 = 7.9 ஆண்டுதான் பாக்கி என்று கழிக்கக் கூடாது. 65-இல் T-ஐ l-ஆல் வகுத்தால் 15.0 ஆண்டு. அவர் சராசரியாக 80 வரை போகிறார். 80-ஐத் தொட்டவருக்கு 6.8 ஆண்டு, 86.8 வரை. வயது ஏற ஏற முடிவு வயதும் ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம், அதுவரை இறக்கக்கூடியவர்கள் இறந்து, இவர் தப்பிவிட்டார் என்பதுதான். ஓய்வூதியக் கணக்குப் போடுகிறவர்கள் பிறப்பின் எண்ணைப் பார்க்காமல் 60-இன் எண்ணைப் பார்ப்பது இதனால்தான்.

பழைய காலத்து எண்களைப் படிக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகும். வால்நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த எட்மண்ட் ஹாலி, 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து ஓர் அட்டவணை போட்டார். இன்று போலந்தில் இருக்கும் வ்ரோட்ஸ்வாஃப் நகரம்தான் அது. ஆண்டுக்கு 1,238 குழந்தைகள் பிறந்தன. 348 குழந்தைகள் முதல் ஆண்டிலேயே போய், 890 பேர் ஒரு வயதைத் தொட்டார்கள். ஆறைத் தொட்டவர்கள் 692 பேர். ஏறக்குறைய பாதி அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அந்த 692 பேரில் ஐந்தில் ஒருவர் 70 வயதை எட்டினார்கள். அந்தக் காலத்தில் கிழவர்கள் இருந்தார்கள். பிறப்பின் எதிர்பார்ப்பு அவ்வளவு தாழ்ந்து கிடந்ததற்குப் பொறுப்பு தொட்டில்கள்தான். ஹாலி இதைப் போட்டது ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் பணம் தரும் திட்டங்களுக்கு எவ்வளவு விலை வைப்பது என்று பார்க்கத்தான். நம் ஊர் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியம் போடுவதற்கும் அடிப்படை இதே வகை அட்டவணைதான். காப்பீடு எடுத்தவர்களை மட்டும் வைத்துத் தனியாகத் தயாரிப்பார்கள்.

எங்கும் இல்லாத அந்த ஒரு லட்சம் பேரிடம் இப்போது திரும்ப வேண்டும். 1992-இல் பிறந்த நிஜமான ஆஸ்திரியக் குழந்தை 60 வயதைத் தொடுவது 2052-இல். அப்போது அவர் சந்திக்கப்போவது 2052-இன் இறப்பு விகிதம், 1992-இன் விகிதம் அல்ல. விகிதங்கள் குறைந்துகொண்டே போனால் அவர் அட்டவணை சொல்வதைவிட அதிகம் வாழ்வார். ஆகவே 72.9 என்பது அந்தக் குழந்தைகளைப் பற்றிய ஜோசியம் அல்ல. 1992 என்ற ஓர் ஆண்டின் சாவுகள் எவ்வளவு கடுமையாக இருந்தன என்பதற்கான அளவுகோல்.

கொரோனா காலத்தில் இது நன்றாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 2019-இல் 78.8-ஆக இருந்த ஆயுள் எதிர்பார்ப்பு 2020-இல் 77.0-ஆக விழுந்தது. ஒவ்வோர் அமெரிக்கரின் ஆயுளிலும் 1.8 ஆண்டு போய்விட்டது என்று சிலர் புரிந்துகொண்டார்கள். உண்மையில் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை இது: 2020-இல் பிறந்த குழந்தை தன் வாழ்நாளின் ஒவ்வோர் ஆண்டையும் 2020-ஆகவே வாழ்ந்தால். யாரும் அப்படி வாழப்போவதில்லை. ஆனால் 2020 எவ்வளவு மோசமான ஆண்டு என்று மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டுச் சொல்ல அந்த 1.8 மிகப் பொருத்தமான எண்.

கணக்கு சரியாக இருந்தும் விடை தவறுவது உண்டு. சிறிய ஊர்களுக்குப் போடும்போது முதலில் இடிப்பது எண்ணிக்கை. ஆஸ்திரியா போன்ற ஒரு நாட்டிலேயே 5-9 வயதில் அந்த ஆண்டு இறந்த சிறுவர்கள் 36 பேர்தான். ஒரு தாலுகாவில் அந்த வயதில் ஓராண்டில் ஒரு சாவும் இல்லாமல் போகலாம். அடுத்த ஆண்டு ஒரு விபத்தில் மூன்று பேர் போகலாம். முதல் ஆண்டு q பூஜ்யம், மறு ஆண்டு திடீரென உச்சம். பல ஆண்டுகளைச் சேர்த்துப் போடுவதுதான் இதற்கு வழி. இந்தியாவில் மாதிரிப் பதிவு முறை என்ற எஸ்.ஆர்.எஸ். தரவைக் கொண்டு வெளியிடும் ஆயுள் அட்டவணைகளுக்கு 2016-20 என்பது போல ஐந்தாண்டுப் பெயர் இருப்பது இதனால்தான். அந்த அட்டவணைப்படி இந்தியாவுக்குப் பிறப்பில் 70.0 ஆண்டு.

பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும் பிரச்சினை வேறு. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறையிடம் கணக்கெடுப்பாளர் வயது கேட்டால் 60, 65, 70 என்று உருண்டையாகத்தான் பதில் வரும். “எழுபது இருக்கும், எழுதிக்கோங்க” என்பார்கள். வயதைக் கூட்டிச் சொல்வதும் உண்டு. உண்மையில் எழுபதில் இருப்பவர்கள் எண்பதுக்காரர்களாகப் பதிவானால், 80-க்கு மேல் வகுஎண் ஊதிவிடும், அங்கே இறப்பு விகிதம் போலியாகக் குறையும், எண்பதுக்கு மேற்பட்டோரின் ஆயுள் எதிர்பார்ப்பு நம்ப முடியாத அளவுக்கு நீளும். 85-க்கு மேல் ஒரே வரியாக முடித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1825-இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற கணிதவியலாளர் கவனித்துச் சொன்னது: நடுவயதுக்குப் பின் இறப்பு விகிதம் வயதோடு ஏறக்குறைய ஒரே மடங்கில் பெருகிக்கொண்டே போகும். ஆஸ்திரிய எண்களை ஆயிரத்துக்கு என்று எழுதினால் 60-64-இல் 18.6, அப்புறம் 28.4, 41.2, 71.6, 80-84-இல் 112.3. ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மடங்கு. உங்கள் தரவில் இந்த மடங்கு 70-க்குப் பின் திடீரென ஒன்றை நெருங்கி, 80-க்கு மேல் விகிதம் ஏறாமல் நின்றுவிட்டால், அந்த ஊர்க் கிழவர்கள் இரும்பு உடம்புக்காரர்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர்கள் சொன்ன வயதுகளைச் சரிபார்க்க வேண்டும்.